ஃபிளாஷ் விழுங்கிய பாம்பு

இரவில் வாசற்படியில் எடுத்த படம். "அண்ணே, இது என்ன பாம்பு?" என்ற கேள்வியோடு, பாம்பு பிடிக்கும் என் நண்பருக்கு வந்தது. சுற்றிலும் கும்மிருட்டு. ஃபிளாஷ் பட்ட முன்பாதி உடல் வெறும் வெள்ளைத் தீற்றல்.

அவர் முதலில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார். இருட்டுக்குள் விவரம் ஒளிந்திருக்கலாம், கூட்டினால் கொஞ்சம் மேலே வரும். முழுவதும் வெளுத்துப்போன இடத்தில் பதிவே இல்லை, எவ்வளவு குறைத்தாலும் அது சாம்பல் திட்டாகத்தான் மாறும். இந்த வேறுபாட்டை அவர் ஒருபோதும் மறப்பதில்லை. அதனால்தான் அவர் பதிலை நம்புகிறேன்.

இருட்டிலிருந்து வால் வந்தது. கருத்த உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், நுனிவரை தெளிவாக. கட்டுவிரியனுக்குப் பட்டைகள் தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, வால்பக்கம் தெளிவாகும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கி, வால்பக்கம் மங்கும். ஆனால் கழுத்து வெளுத்துவிட்டது. கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் பெரிய அறுகோணச் செதில்களும் தெரியவில்லை.

அவர் எழுதிய பதில்: "வாலைப் பார்த்தால் கட்டுவிரியன் மாதிரி இருக்கு. கழுத்தும் முதுகுச் செதிலும் தெரியலை, உறுதியா சொல்ல முடியாது. கட்டுவிரியன்னே வெச்சுக்கோங்க. இன்னொரு படம் எடுக்கக் கிட்டே போகாதீங்க. யாரையாவது கடிச்சிருந்தா, வலியோ வீக்கமோ இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."