ஒரே கை எழுதிய இரண்டு தாள்கள்

பைத்தான் மொழியின் 3.13ஆம் பதிப்பைப் பற்றி இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று பெப் 719. பைத்தானில் பெரிய முன்மொழிவுகளை எண்ணிட்டு எழுதி வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் பெப். 719 என்பது 3.13க்கான வெளியீட்டு அட்டவணை, அதாவது நாம் அலுவலகத்தில் பிராஜெக்ட் பிளான் என்று சொல்வது. இன்னொன்று, பைத்தானின் வழிநடத்தும் குழு 2023 ஜூலையில் வெளியிட்ட ஓர் அறிவிப்பு. அது ரோட்மேப். முதலாவதை எழுதியவர் 3.13இன் வெளியீட்டுப் பொறுப்பாளர் தாமஸ் வூட்டர்ஸ். இரண்டாவதைக் குழுவின் சார்பில் வெளியிட்டவரும் அவரே. இரண்டுக்கும் இடையில் இரண்டே மாதம்தான். ஆனால் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இரண்டு வெவ்வேறு கலைகள் என்பது தெரியும். இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற எழுத்து இவைதான்.

முதலில் பிளான். பெப் 719இல் உரைநடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தேதிகள்தான். 2023 மே 22 அன்று 3.13க்கான வேலை தொடங்குகிறது. அக்டோபரில் முதல் ஆல்ஃபா. 2024 மே 7 என்று குறித்து, மே 8இல் வந்த முதல் பீட்டா. அதன் பிறகு இரண்டு வெளியீட்டு மாதிரிகள், அதாவது ஆர்.சி.க்கள். இறுதி வெளியீடு 2024 அக்டோபர் 1. விண்டோஸுக்கான பொதியைக் கட்டுபவர் யார், மேக்குக்கு யார் என்று பெயர்களும் இருக்கின்றன. இந்தத் தாளில் என் கண் எப்போதும் போய் நிற்பது முதல் பீட்டாவின் வரியில். அந்த நாளுக்குப் பிறகு புதிய அம்சம் எதுவும் உள்ளே வராது என்று அங்கே எழுதியிருக்கிறது. எவ்வளவு நல்ல அம்சமாக இருந்தாலும் சரி, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, மே மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். தேதி நிற்கும், சரக்கு இறங்கிவிடும். பிளானின் கறார் முழுவதும் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

ரோட்மேப் தொலைநோக்கு, பிளான் கிட்டப்பார்வை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பார்கள். பெப் 719 அதைப் பொய்யாக்குகிறது. இறுதி வெளியீட்டோடு அது முடிவதில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒரு பிழைதிருத்த வெளியீடு. அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 2029 அக்டோபர் வாக்கில் பதிப்பின் ஆயுள் முடிகிறது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஆறு ஆண்டுகளுக்கு மேல். பக்கத்தில் இருப்பதை நாள் கணக்கிலும், நடுவில் இருப்பதை மாதக் கணக்கிலும், கடைசியை ஏறத்தாழ என்றும் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். தூரம் கூடக்கூட அளவுகோல் பெரிதாகிறது; ஆனால் பொறுப்பு குறையவில்லை. 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை நம்பித்தான் ஒரு நிறுவனம் தன் சர்வர்களில் 3.13ஐ ஏற்றுகிறது.

இப்போது ரோட்மேப். அது எதைப் பற்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். பைத்தான் நிரலில் எத்தனை இழைகளை ஓடவிட்டாலும் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும். அதைக் காவல் காப்பது ‘கில்’ எனப்படும் ஒற்றைப் பூட்டு. கணினியில் எட்டு கோர் இருந்தாலும் அந்தப் பூட்டுக்கு முன்னால் வரிசையில்தான் நிற்க வேண்டும். தொண்ணூறுகளில் கிரெக் ஸ்டைன் அதை நீக்கிக் காட்டினார். ஒற்றை இழை நிரல்கள் மிகவும் மெதுவாகிவிட்டதால் அது ஏற்கப்படவில்லை. 2023இல் சாம் கிராஸ் எழுதிய பெப் 703, பூட்டே இல்லாத பைத்தானைக் கட்டும் வழியை முன்வைத்தது. அதை ஏற்கப்போகிறோம் என்று சொன்ன அறிவிப்புதான் நான் குறிப்பிடும் ரோட்மேப்.

அதில் மூன்று கட்டங்கள். முதலில், பூட்டில்லாத பைத்தானைச் சோதனைக்காக மட்டும் தனியாகக் கட்டித் தருவது. அடுத்து, அதை முறையாக ஆதரிப்பது, ஆனால் இயல்பான பைத்தானாக ஆக்காமல் இருப்பது. மூன்றாவது, அதையே இயல்பாக ஆக்குவது. முதல் கட்டம் அநேகமாக 3.13இல் வரும் என்கிறது அறிவிப்பு, உடனே, 3.14க்குத் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு ஓரிரு ஆண்டுகளாவது ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம். எல்லாம் முடிய ஐந்து ஆண்டுகள் வரை போகலாம். அதோடு விடவில்லை. போகும் வழியில் பாதிப்பு அதிகம், பலன் குறைவு என்று தெரிந்தால், இந்த முடிவையே முழுதாகத் திரும்பப் பெறும் உரிமையையும் கையில் வைத்துக்கொள்கிறது.

இதைப் பின்வாங்கல் என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தள்ளிப்போனால் பரவாயில்லை என்ற வாக்கியத்தை எந்த பிராஜெக்ட் பிளானிலும் எழுத முடியாது. எழுதினால் அது பிளான் இல்லை. ரோட்மேப்பில் அதுதான் மிக நேர்மையான வாக்கியம். ஏனென்றால் இங்கே உறுதியாக இருப்பது தேதி இல்லை. கட்டங்களின் வரிசையும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்போது போகலாம் என்ற நிபந்தனையும்தான். பைத்தான் 2லிருந்து 3க்கு மாறியபோது பட்ட பாட்டை இந்தச் சமூகம் மறக்கவில்லை. 2.7இன் ஆதரவு 2015இல் முடியும் என்றிருந்ததை 2014இல் 2020க்கு நீட்ட வேண்டி வந்தது. அந்த அனுபவம் தந்த எச்சரிக்கை அறிவிப்பின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

இரண்டு தாள்களும் சந்திக்கும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டில்லாத கட்டுமானம் 3.13இன் முதல் பீட்டாவுக்குள் வந்துவிட்டது. அந்த நாளில் அது ரோட்மேப்பிலிருந்து பிளானுக்குள் இறங்கியது. அதன் பிறகு ‘அநேகமாக’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அது தனி நிரலாக, `python3.13t` என்ற பெயரில், குறித்த காலத்தில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தது. ஆனால் ஒற்றை இழை வேகத்தில் ஏறத்தாழ 40 சதவீதச் சுமையோடு சேர்ந்தது. காரணம் தெரிந்ததுதான்: 3.11இல் வந்த, ஓடும்போதே கட்டளைகளைத் தகவமைத்து வேகப்படுத்தும் பகுதி, பல இழைகளுக்குப் பாதுகாப்பாக இன்னும் மாற்றப்படாததால் இந்தக் கட்டுமானத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிளானின் பார்வையில் இது குறையே இல்லை, ஏனென்றால் சோதனைக் கட்டுமானத்தைத் தருகிறோம் என்பதுதான் வாக்கு. ரோட்மேப்பின் பார்வையில், இரண்டாம் கட்டத்துக்குப் போக இன்னும் தகுதியில்லை.

பிளானுக்கும் சோதனை வந்தது, வேறு திசையிலிருந்து. 3.13இல் குப்பை சேகரிப்பு, அதாவது பயனற்றுப் போன நினைவகத்தை மீட்கும் வேலை, சிறுசிறு பகுதிகளாக நடக்கும்படி மாற்றப்பட்டிருந்தது. இரண்டாவது ஆர்.சி. வெளியான பிறகு, சில வேலைகளில் இதனால் வேகம் கணிசமாகக் குறைவது தெரியவந்தது. இறுதி வெளியீடு நெருங்கிவிட்டது. பொறுப்பாளருக்கு முன்னால் இருந்தவை மூன்றே வழிகள். சரிசெய்து பார்க்கலாம், எவ்வளவு நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியே வெளியிடலாம், ஐந்து ஆண்டுகள் அதைச் சுமக்க வேண்டும். எடுத்துவிடலாம். வூட்டர்ஸ் எடுத்துவிட்டார். ஆனால் எடுப்பதும் ஒரு பெரிய மாற்றம்தானே? அதனால் அக்டோபர் 1 அன்று இறுதி வெளியீட்டுக்குப் பதிலாக, திட்டத்தில் இல்லாத மூன்றாவது ஆர்.சி. ஒன்றை வெளியிட்டு, மக்கள் சோதித்துப் பார்க்கச் சில நாள் கொடுத்தார். 3.13.0 அக்டோபர் 7 அன்று வந்தது.

ஆறு நாள் தாமதம். இதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. பிளானை நடத்தத் தெரிந்தவரின் கைவேலையாகப் பார்க்கிறேன். அம்சத்தைக் காப்பாற்ற ஆறு மாதம் கொடுக்கவில்லை; தேதியைக் காப்பாற்றச் சோதிக்காத நிரலையும் தள்ளிவிடவில்லை. அட்டவணையில் பழைய தேதி போய்ப் புதிய தேதி வந்தது, காரணமும் சொல்லப்பட்டது. வாக்கு தவறினால் தவறியதைத் தேதி போட்டுச் சொல்லும் கடமை பிளானுக்கு உண்டு.

இதே பைத்தானில், இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020இல் மார்க் ஷானன், நான்கு பதிப்புகளில், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மடங்கு என்று, மொத்தம் ஐந்து மடங்கு வேகம் தரலாம் என ஒரு திட்டத்தை எழுதினார். அருமையான தொழில்நுட்பச் சிந்தனை. எந்தப் பகுதியை எந்த வரிசையில் வேகப்படுத்துவது என்ற தெளிவு அதில் இருந்தது. ஆனால் திசையைச் சொல்ல வேண்டிய தாளில் பதிப்பு எண்ணும் பெருக்கல் எண்ணும் ஒட்டிக்கொண்டன. 3.11 சராசரியாக 25 சதவீத வேகம் கூடி வந்தது. ஒரு முதிர்ந்த மொழிக்கு ஒரே பதிப்பில் அது பெரிய சாதனை. ஆனாலும் அந்த ஐந்து மடங்கை வைத்துத்தான் பலரும் அதை அளந்தார்கள். நம் அலுவலகங்களில் நடப்பதும் இதுதான். ரோட்மேப்பின் ஒரு கட்டத்தில் விற்பனைக்காக யாரோ ஒரு மாதத்தை எழுதிவிடுகிறார்கள். வேலை செய்ய ஆளும் இல்லை, எதைக் கழிப்பது என்ற முடிவும் இல்லை, ஆனால் வாடிக்கையாளருக்கு அது வாக்காகிவிடுகிறது. ஒரு தாள் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி போதும்: நெருக்கடி வந்தால் இதில் எது விட்டுக்கொடுக்கும், தேதியா, அம்சமா? பெப் 719 அம்சம் என்று பதில் சொல்லும். 2023 அறிவிப்பு தேதி என்று சொல்லும். பதிலே இல்லாத தாளை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம்.

பூட்டில்லாத பைத்தானின் கதை மேலே நகர்ந்தது. இரண்டாம் கட்டத்துக்கு என்னென்ன தேவை என்பதை பெப் 779 எழுத்தில் வைத்தது. அதை எழுதியவர்களில் வூட்டர்ஸும் ஒருவர். வேகக் குறைவுக்கு ஓர் உச்சவரம்பு, நினைவகச் செலவுக்கு ஒன்று, நிலையான இடைமுகங்கள், போதிய ஆவணங்கள். தேதி மட்டும் இல்லை. அணைத்து வைத்திருந்த தகவமைப்புப் பகுதி திரும்ப இயங்கத் தொடங்கியதும் 40 சதவீதச் சுமை 5 முதல் 10 சதவீதமாக இறங்கியது. 2025 ஜூனில் குழு அதை ஏற்றது. அக்டோபர் 7 அன்று வெளியான 3.14இல் அது முறையாக ஆதரிக்கப்படும் கட்டுமானமாக வந்தது. மூன்றாம் கட்டத்துக்கு அன்று தேதி எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை.