திருத்தப்பட்ட விண்ணப்பம்: மரியாதை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

வேலைக்கான விண்ணப்பத்தை நாம் இலக்கியப் பிரதியாக வாசிப்பதில்லை. ஆனால் ஒரு மனிதர் தன்னைப் பற்றி, தன்னைவிட அதிகாரம் உள்ள ஒருவரிடம், அவர் ஏற்கக்கூடிய மொழியில் சொல்லும் பிரதி அதுதான். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்கப்போய்வரும் மாணவி ஒருவர், சென்னைப் பக்கத்துக் கொரியக் கம்பெனி ஒன்றில் சில மாதப் பயிற்சிக்காகக் கொரிய மொழியில் எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. கொரிய மொழி கற்பிக்கும் ஒருவர் அதைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதற்குப் பிறகு வடதமிழகத்துப் பிள்ளைகளுக்கு இந்த மொழி தொலைதூரத்து விஷயமாக இல்லை. அந்தச் சிவப்பு மையைத்தான் இங்கே வாசிக்க வேண்டியிருக்கு.

திருத்தங்கள் இரண்டு வகை. முதல் வகைக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'பொன்யொக்து', அதாவது மொழிபெயர்ப்பு வாடை. மாணவி எழுதிய ஒரு வாக்கியத்தை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: 'நான் தரக்கட்டுப்பாடு குறித்த ஆழ்ந்த ஆர்வத்தைக் கொண்டிருக்கிறேன்.' கொரிய மூலத்தில் முடிவு 'கஜிகோ இஸ்ஸும்னிதா', 'கையில் வைத்திருக்கிறேன்' என்பது போன்ற வினை. திருத்தியவர் அதை அடித்துவிட்டு 'தரக்கட்டுப்பாட்டில் ஆர்வம் அதிகம்' என்று பொருள்படும் வாக்கியத்தை வைத்தார். 'நான்' போயிற்று, 'குறித்த' போயிற்று, 'ஆழ்ந்த' போயிற்று, 'கொண்டிருக்கிறேன்' போயிற்று. இன்னொரு இடத்தில் 'இந்த அறிக்கை என்னால் தயாரிக்கப்பட்டது' என்றிருந்தது, 'ஜொஎ உய்ஹே' என்ற 'என்னால்' தொடரோடு. திருத்தம்: 'ஜேகா', நான்தான், எழுதினேன்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மாணவி தமிழிலிருந்து மொழிபெயர்த்ததால் இந்த விறைப்பு வரவில்லை. முதுநகர் வீட்டில் யாரும் 'ஆர்வத்தைக் கொண்டிருக்கிறேன்' என்று பேசுவதில்லை. 'எனக்கு அதுல ஆர்வம் இருக்கு' என்பதுதான் பேச்சு. கொரியனும் அதையேதான் கேட்கிறது: 'க்வான்சிமி இஸ்ஸும்னிதா', ஆர்வம் இருக்கிறது. 1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கணமே வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், எழுவாயை விட்டுவிட்டுப் பேச முடிவதும் இரண்டிலும் கண்கூடு. அப்படியிருக்க விறைப்பு எங்கிருந்து வந்தது? மாணவி முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அதைக் கொரியனாக்கியிருக்கிறார். 'கொண்டிருத்தல்', 'என்னால் செய்யப்பட்டது' இரண்டும் ஆங்கிலக் கல்வி நம் எழுத்துத் தமிழில் பரப்பிய உருவங்கள். கொரியனையும் அதே காய்ச்சல் பிடித்திருக்கு. இரண்டு ஆசிய மொழிகள் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ஆங்கில வாத்தியார் தேவைப்படுகிறார், போகிற வழியில் இரண்டு பேரையும் விறைக்க வைத்துவிட்டுப் போகிறார். இந்த வகைத் திருத்தம் மாணவியை அவருடைய பேச்சுக்கே திருப்பி அனுப்பியது என்பதால் இதை நான் முழுக்க ஏற்கிறேன்.

இரண்டாம் வகை பேச்சு நிலை சம்பந்தப்பட்டது. கொரிய வாக்கியத்தின் முடிவு, கேட்பவர் யார் என்பதைச் சொல்லிவிடும். '-ம்னிதா' என்பது முறையான மரியாதை. '-யோ' என்பதும் மரியாதைதான், ஆனால் பழகிய குரல். வெறும் '-தா' யாரையும் குறித்துப் பேசாத கட்டுரை நடை. மாணவியின் பதினொரு வாக்கியங்களில் ஏழு '-ம்னிதா', இரண்டு '-யோ', இரண்டு '-தா'. தொடர் நாடகங்களிலிருந்து ஒன்று, பாடப்புத்தகத்திலிருந்து ஒன்று என்று கலந்துவிட்டது. பேச்சில் '-ம்னிதா'வும் '-யோ'வும் கலந்து வருவது சகஜம். கடிதத்தில் அது, ஒரே ஆள் ஒரு வரியில் கைகட்டி நின்று அடுத்த வரியில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வது போல ஆகிவிடும்.

இந்தத் தவறு நம்மவர்களுக்கு ஏன் வருகிறது? நம் எழுத்துத் தமிழில் கேட்பவருக்கான அடையாளம் வினைமுடிவில் இல்லை. 'நான் படித்தேன்' என்பதை கலெக்டருக்கும் எழுதலாம், தம்பிக்கும் எழுதலாம். பேச்சில் மட்டும் 'படிச்சேங்க' என்று அந்த 'ங்க' வந்து ஒட்டும். கொரியக் கடிதம் ஒவ்வொரு வாக்கியத்திலும் இந்த 'ங்க'வைக் கேட்கிறது. எழுத உட்கார்ந்ததும் 'ங்க'வைக் கழற்றி வைத்துப் பழகிய கைக்கு அது மறந்துபோகிறது. சரிபார்க்க எளிய வழி: அர்த்தத்தைப் படிக்காமல் வாக்கியங்களின் முடிவை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பார்ப்பது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'என்று நினைக்கிறேன்' போன்ற தொடர்களில் 'என்று'வுக்கு முன்னால் வருவது '-தா'வாகத்தான் இருக்கும். அது வாக்கிய முடிவு கிடையாது. ஒருமைப்பாட்டின் ஆவேசத்தில் அதையும் '-ம்னிதா' ஆக்கினால் புதிய தவறு முளைக்கும்.

இந்த மரியாதை நிலப்பிரபுத்துவ மிச்சம், இதற்கு ஏன் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் நம்ம ஊர்ல 'வாங்க'வும் 'வா'வும் யார் எந்தத் தெரு என்று பார்த்து விழுகிறது. வயதான கூலிக்காரரை 'வாடா' என்று கூப்பிட்ட வாய்கள் இந்த மாவட்டத்துக்குப் புதியவை இல்லை. கொரிய விண்ணப்பத்தின் '-ம்னிதா' எழுதுபவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. பெரிய வீட்டுப் பிள்ளையும் அதையேதான் எழுத வேண்டும். ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறப்பைக் கேட்காத ஒரு வடிவத்தைக் கைக்கொள்வதில் இழப்பு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

என் சண்டை மூன்றாவது இடத்தில், திருத்தமே என்று அறிவிக்கப்படாத ஒரு திருத்தத்தோடு. கொரியத் தன்னறிமுகக் கடிதத்தில் 'வளர்ந்த விதம்' என்று ஒரு பகுதி வழக்கமாக உண்டு. அதில் மாணவி, அப்பா துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைப்பவர் என்று எழுதியிருந்தார். சிவப்பு மை அதை அடித்து, 'கண்டிப்பான தந்தை, கனிவான தாய் இவர்களிடம் வளர்ந்தேன்' என்று மாற்றியது. இலக்கணப் பிழை இல்லை, மொழிபெயர்ப்பு வாடையும் இல்லை. சுத்தமான, இயல்பான கொரியன். அவ்வளவு இயல்பு என்பதால்தான் கொரியர்களே கேலி செய்யும் தேய்ந்த வாக்கியம் அது. 'இயல்பு' என்ற பெயரில் ஒரு ஆளையே துடைத்தெடுக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பெற்றோர் தொழிலை எழுத வேண்டியதில்லை என்றால் அது வேறு வாதம். கொரியாவில் 2019இல் திருத்தப்பட்ட சட்டம், முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வேலையோடு சம்பந்தமில்லாமல் பெற்றோரின் தொழிலையும் சொந்த ஊரையும் சொத்தையும் விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்கிறது. நீக்குவதற்கு இந்த நியாயம் உண்டு. நீக்கிய இடத்தில் ஒரு கற்பனைத் தகப்பனை உட்கார வைப்பதற்கு நியாயம் இல்லை.

மாணவி கண்ட வழி இரண்டையும் தாண்டியது. அந்தப் பகுதியையே விட்டுவிட்டு, 'விண்ணப்பிக்கும் காரணம்' பகுதியில் இரண்டு வாக்கியம் சேர்த்தார்: 'ஐஸ் போதாத பெட்டியில் மீனின் செவுள் நிறம் மங்குவதையும் கண் குழிவதையும் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் கெடுவதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிப்பதுதான் தரக்கட்டுப்பாடு என்று அங்கே தெரிந்துகொண்டேன்.' இரண்டும் '-ம்னிதா'வில் முடிகின்றன. 'கொண்டிருக்கிறேன்' இல்லை, 'என்னால்' இல்லை. தொழிலின் பெயர் இல்லாமலே தொழிலின் அறிவு உள்ளே வந்துவிட்டது. திருத்துகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அடித்த பிறகு இந்தக் கடிதத்தை வேறு எவரும் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் கூடுதலாக அடித்துவிட்டோம்.