கோடு இறங்கிய இடத்தில் காரணம் இல்லை

சென்ற மாதம் கோவை காந்திபுரத்தில் ஓர் எடிட்டிங் பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்றுநர் ஒரு செய்முறைக் காணொளியைத் திரையில் போட்டார். அதன் ரிடென்ஷன் கோடு நான்காவது நிமிடத்தில் சட்டென்று இறங்கியிருந்தது. அந்த இடத்துக்குப் போய், விசைப்பலகையின் அம்புக்குறியை ஒவ்வொரு முறையாகத் தட்டி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எண்ண ஆரம்பித்தார். முடித்துவிட்டு, "பாருங்க, முப்பது செகண்டா ஒரு கட்டும் இல்லீங்க. ஆளு போகாம என்னங்க பண்ணுவான்?" என்றார். முப்பது பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "எங்கே கோடு இறங்குதோ அங்கே கட் போடு" என்பதுதான் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன பாடம்.

அந்தப் பாடம் தவறு என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சமையல், தையல், மோட்டார் வேலை போன்ற செய்முறைக் காணொளிகளுக்கு அது மிகவும் தவறு.

ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்ப்பதில் நன்மை உண்டு. இரண்டு கிளிப்புக்கு நடுவில் தப்பிப்போன ஒரு கறுப்பு ஃப்ரேம், பேச்சின் முதல் எழுத்தைத் தின்றுவிட்ட கட், படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும் எழுத்து ஆகியவற்றை வேறு வழியில் பிடிக்க முடியாது. ஐந்து நிமிடம் தன்னைப் பற்றியே பேசும் ஆளுக்கு அவருடைய இழுவையை எண்ணிக்கையில் காட்டுவதற்கும் இது உதவும். ஆனால் இவை படத்தில் உள்ள பிழைகள். பார்ப்பவர் ஏன் அந்த இடத்தில் இல்லை என்பது வேறு கேள்வி. அதற்கு ஃப்ரேம்கள் பதில் சொல்வதில்லை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். யூடியூப் தன் தரவை வெளியே தரும்போது, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை நூறு துண்டாக்கித்தான் தருகிறது. `elapsedVideoTimeRatio` என்ற மதிப்பு 0.01-இல் தொடங்கி 1.0 வரை போகும், அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடக் காணொளி என்றால் 720 விநாடி. ஒரு புள்ளிக்கு 7.2 விநாடி, 25 ஃப்ரேம் வேகத்தில் 180 ஃப்ரேம். நூற்றெண்பது ஃப்ரேமுக்கு ஒரே ஒரு எண்ணைத் தரும் கோட்டை வைத்துக்கொண்டு, அதன் காரணத்தை ஒற்றை ஃப்ரேமில் தேடுவது லாரி எடைமேடையில் மூக்குத்தி நிறுப்பது போன்றது. கோடு வழுவழுப்பாகத் தெரிவதால் நுட்பமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய குறை, கோடு எதை எண்ணுகிறது என்று கேட்காமலே இந்தப் பரிசோதனை தொடங்கிவிடுவது. அந்தக் கோடு ஆட்களின் வரிசை அல்ல. ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதன் விகிதம் அது. ஒருவர் பின்னோக்கி இழுத்து மறுபடி பார்த்தால் அதுவும் சேரும். அதனால்தான் அந்த விகிதம் சில இடங்களில் ஒன்றைத் தாண்டியும் போகிறது. ஆகவே கோட்டில் தெரியும் ஒரு குழி மூன்று விஷயங்களின் கலவை. பார்ப்பவர் காணொளியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அந்தத் துண்டை மட்டும் தாண்டி முன்னே போயிருக்கலாம். அல்லது அதற்கு முந்தைய துண்டைப் பலரும் திரும்பப் பார்த்ததால் அங்கே ஒரு மேடு எழும்பி, அதன் பக்கத்தில் சமநிலம்கூடக் குழியாகத் தெரியலாம். இவற்றில் முதலாவதற்கு மட்டுமே சலிப்பு காரணமாக இருக்க முடியும். அதுவும் எப்போதும் இல்லை. வேலை முடிந்துவிட்டதால் மூடிவிட்டுப் போகிறவரும் அதே கோட்டில்தான் இறங்குகிறார்.

நான் எடிட் செய்த ஒரு காணொளியையே எடுத்துக்கொள்கிறேன். போர்வெல் மோட்டாரின் மூன்று வயர்களில் காமன் எது, ரன்னிங் எது, ஸ்டார்டிங் எது என்று மல்டிமீட்டரால் கண்டுபிடித்துப் பேனலில் இணைக்கும் செய்முறை. சிங்கிள் பேஸ் மோட்டாரில் வயர் நிறம் தெளிவாக இருந்தால் இந்த வேலையே வேண்டியதில்லை. ஆனால் நம் பக்கம் கிணற்றுக்குள் வேறு வேறு கேபிளை ஜாயின்ட் போட்டு, மேலே வரும்போது நிறம் எதற்கும் பொருந்தாமல் போயிருக்கும். அப்போது மின்சாரத்தை அணைத்து, வயர்களைப் பேனலிலிருந்து கழற்றி, இரண்டிரண்டாக ஓம்ஸ் பார்க்க வேண்டும். காணொளியில் வந்த அளவுகள் இவை: முதல் வயருக்கும் இரண்டாவதுக்கும் 11, முதலுக்கும் மூன்றாவதுக்கும் 7, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 4. அதிக அளவு காட்டும் ஜோடியில் சேராத வயர்தான் காமன், அதாவது மூன்றாவது. காமனிலிருந்து குறைந்த அளவு காட்டுவது ரன்னிங், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்டிங். இதை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் உறுமும், ஓவர்லோடு விழும், கவனிக்காமல் விட்டால் வைண்டிங் கருகும். அதன் பிறகு அத்தனை பைப்பையும் மேலே தூக்கியாக வேண்டும்.

காணொளியில் 3:02 முதல் 3:48 வரை இந்த அளவெடுப்பு ஒரே ஷாட். கையும் மீட்டரும் மூன்று வயரும் சேர்ந்து தெரியும். 46 விநாடி, ஒரு கட் இல்லை. கோடு அங்கே 52 சதவீதத்திலிருந்து 41-க்கு இறங்கியது. காணொளியை ஒப்படைத்தவர்கள் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப இழுவைங்க" என்றார்கள். நானும் அன்று மறுக்கவில்லை. 46 விநாடியை 19 ஆக்கி, பதினொரு கட் போட்டு, மீட்டரின் எண்களை மட்டும் நெருக்கத்தில் காட்டினேன். பதிவேற்றிய காணொளிக்குப் பதிலாக வேறொன்றை அதே முகவரியில் வைக்க யூடியூப் விடாது என்பதால் புதிதாகப் போட்டோம். குழி சுருங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அது வெறும் கணக்கு மாயம் என்று பிறகுதான் புரிந்தது. பன்னிரண்டு நிமிடக் காணொளியில் 46 விநாடிப் பகுதி கோட்டில் ஆறு புள்ளிக்கு மேல் இடம் பிடிக்கும். 19 விநாடிப் பகுதிக்கு மூன்று புள்ளிகூட இல்லை. பகுதி சுருங்கினால் குழியும் சுருங்கத்தான் செய்யும். அதற்குள், எந்த வயரில் வைத்தபோது எந்த எண் வந்தது என்று கேள்விகள் வர ஆரம்பித்தன. அன்னூர்ப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் போனிலேயே அழைத்தார். "ஏனுங், கம்பி மாத்தறத வெட்டிப்போட்டீங்களே. நம்பர் மட்டும் வருது, எதுல வெச்சுப் பாத்தீங்கன்னு எப்படீங்க தெரியும்?" அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரு அளவிலிருந்து அடுத்த அளவுக்குக் கை மாறும் அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் பாடமே இருந்தது. இழுவை என்று நான் வெட்டியது அதைத்தான்.

பழைய காணொளியின் கோட்டை மறுபடி திறந்து, இந்த முறை குழியை விட்டுவிட்டு அதன் இருபுறமும் பார்த்தேன். 41-க்கு இறங்கிய கோடு 3:50-க்கு மேல் 49-க்கு ஏறியிருந்தது. மூடிவிட்டுப் போனவர்கள் ஒரு காணொளியின் நடுவில் திரும்பி வர மாட்டார்கள். ஏறுகிறது என்றால் தாண்டிப் போனவர்கள் அங்கே வந்து இறங்குகிறார்கள் என்று பொருள். 3:50-இல் என்ன இருந்தது? நாங்களே வைத்த அத்தியாயப் பிரிவு, 'பேனல் இணைப்பு'. வயர் நிறம் தெளிவாக இருந்தவர்களுக்கு அளவெடுப்பு தேவையில்லை, அவர்கள் அத்தியாயத்தைத் தொட்டு நேரே அங்கே போனார்கள். நாங்கள் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் போனார்கள்.

இடதுபுறம், 2:50 சுற்றுவட்டாரத்தில், சிறு மேடு ஒன்று இருந்தது. அங்கே மீட்டரின் திருகு 200 ஓம்ஸில் வைக்கப்படுகிறது. அந்த ஷாட் எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். 14 ஃப்ரேம், அரை விநாடிக்குச் சற்று மேல். அதைத் தவறவிட்டவர்கள் பின்னோக்கி இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக, இந்தக் காணொளியில் உண்மையான வேகப் பிழை ஒன்று இருந்தது. குழிக்கு வெளியே, பத்து விநாடி முன்னால், எதிர்த்திசையில் இருந்தது. அங்கே படம் மெதுவாக இல்லை, மிதமிஞ்சி வேகமாக இருந்தது. ஃப்ரேம் எண்ணும் முறைதான் அந்த 14-ஐக் காட்டியது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் எங்கே எண்ண வேண்டும் என்று அது சொல்லவில்லை. கோட்டின் வடிவமும் அன்னூர்க்காரரும்தான் சொன்னார்கள்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் அல்ல. 2014-இல் ஜூஹோ கிம்மும் அவருடைய கூட்டாளிகளும் எட்எக்ஸ் தளத்தின் 862 பாடக் காணொளிகளில் மாணவர்கள் எங்கே விலகுகிறார்கள், எங்கே குவிகிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். விரிவுரைகளைவிடச் செய்முறைக் காணொளிகளில் விலகல் அதிகம். முதல் முறை பார்ப்பவர்களைவிட இரண்டாம் முறை வருகிறவர்கள் அதிகம் விலகுகிறார்கள். இரண்டாம் முறை வருகிறவர் சலித்துப் போகிறவர் அல்ல, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறவர். குவியல்களுக்கு அவர்கள் கண்ட காரணங்களில் தவறவிட்டதைத் தேடித் திரும்புவதும், செய்முறையின் ஒரு படியைப் பின்பற்றுவதும் உண்டு. 61 சதவீதக் குவியல்களின் அருகே திரையில் காட்சி மாற்றம் ஒன்று இருந்தது. படம் மாறும் இடங்களைச் சுற்றித்தான் மாணவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். கட் போட்டால் பிடித்து வைக்கலாம் என்று வகுப்பெடுப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஃப்ரேம் எண்ணும் பழக்கம் நமக்குச் சினிமாவிலிருந்து வந்தது. இதே கோவையில் பட்சிராஜாவிலும் சென்ட்ரல் ஸ்டுடியோவிலும் பிலிமைக் கையில் பிடித்து வெட்டியவர்களுக்கு அது சரியான பழக்கம். கொட்டகையில் உட்கார்ந்தவரால் படத்தை நிறுத்த முடியாது, பின்னோக்கி இழுக்க முடியாது, நடுவில் தாண்ட முடியாது. வேகம் முழுக்க எடிட்டரின் கையில். செய்முறைக் காணொளியில் வேகம் பார்ப்பவரின் கட்டைவிரலில் இருக்கிறது. ஒரு கையில் டெஸ்டர், மறு கையில் போன் என்று கிணற்றுமேட்டில் நிற்கிறவருக்கு மூன்று விநாடிக்கு ஒரு கட் என்பது தொந்தரவு. அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பார். வேகமாக வெட்டினால் இன்னும் அதிகம் நிறுத்துவார், அவ்வளவே.

ஆகவே எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். டைம்லைனைத் திறக்கும் முன் கோடு மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அது தாண்டல், அடுத்து என்ன இருக்கிறது என்று தேடுங்கள். ஏறாமல் படியாக இறங்கி அப்படியே போனால்தான் விலகல். அப்போதும் புதிதாக வந்தவர்கள், ஏற்கெனவே வந்தவர்கள் என்று யூடியூப் ஸ்டுடியோவில் பிரித்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் படி விழுந்தால் மட்டும் படத்தைச் சந்தேகியுங்கள். அதற்கும் முன்னால், அந்த வேலையை உண்மையில் செய்கிற ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரல் எங்கே நிறுத்துகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அந்தக் காணொளியை மூன்றாம் முறை எடிட் செய்தபோது 46 விநாடி ஷாட்டை முழுதாகத் திரும்ப வைத்தேன். மீட்டர் திருகை ஆறு விநாடி காட்டினேன். கோடு இன்னும் அதே இடத்தில் இறங்கி ஏறுகிறது. எந்த வயரில் எந்த எண் என்று கேட்டு யாரும் இப்போது அழைப்பதில்லை.