சலுகையா, சம்மதமா?

காட்டாங்குளத்தூரில் கிறிஸ்தவ அறக்கட்டளை நடத்தும், அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் வாரம் இரண்டு பீரியட் விவிலிய வகுப்பு. மகளை அதில் உட்கார வைக்க வேண்டாம் என்று ஒரு தந்தை எழுதுகிறார். நல்ல மனதுள்ள தலைமையாசிரியர் என்ன பதில் எழுதுவார்? தங்கள் வேண்டுகோளைப் பரிவுடன் பரிசீலித்து, சிறப்பு நேர்வாக விலக்கு அளிக்கிறோம். அந்த நேரத்தில் மாணவி நூலகத்தில் இருப்பார் என்று எழுதுவார். கோபமில்லாத, கண்ணியமான கடிதம். குழந்தையை எங்கே விடுவது என்றும் யோசித்திருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையில் ஒரு பிசகு இருக்கிறது. பள்ளியின் கையில் இல்லாத ஒன்றை, பள்ளி மனமிரங்கிக் கொடுப்பதாக அது பேசுகிறது. கீதை சுலோக வகுப்பு நடத்தும் பள்ளியானாலும் குர்ஆன் வகுப்பு நடத்தும் பள்ளியானாலும் இதே பிசகுதான்.

அரசியலமைப்பின் 28-வது பிரிவு பள்ளிகளை வகை பிரித்துப் பார்க்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. ஆகவே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளிக்கு உள்ளது 28(3). மாணவர் சம்மதித்தாலன்றி, அவர் மைனர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதித்தாலன்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இங்கிலாந்தின் 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே பெற்றோர் விரும்பினால் குழந்தையை விலக்கிக்கொள்ளலாம்; வாய் திறக்காவிட்டால் குழந்தை வகுப்பில் இருக்கும். நம் சட்டத்தில் வாய் திறக்காதவரின் குழந்தை வகுப்புக்கு வெளியே இருக்க வேண்டும். முதலில் எழுத வேண்டியவர் தந்தை அல்ல, தலைமையாசிரியர். சம்மதம் கேட்டுக் கடிதம் போயிருந்தால் விலக்குக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

சிறுபான்மையினர் தம் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமையை 30-வது பிரிவு தந்திருக்கிறதே என்று நிர்வாகம் கேட்கலாம். அந்த உரிமை பெரியது. விவிலிய வகுப்பை நடத்த அது இடம் தருகிறது. ஆனால் 28(3) சிறுபான்மைப் பள்ளிக்கு விதிவிலக்கு எதையும் சொல்லவில்லை. வகுப்பு நடத்துவது நிர்வாகத்தின் உரிமை, அதில் உட்காருவது மாணவியின் விருப்பம், இரண்டும் மோதிக்கொள்வதில்லை. சேர்க்கைப் படிவத்திலேயே பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பது அடுத்த வாதம். கட்டண விவரமும் சீருடையும் பேருந்துத் தடமும் கலந்த பக்கத்தில் போட்ட பொதுக் கையெழுத்தை மதபோதனைக்கான சம்மதமாகக் கொள்வது நேர்மையல்ல. எதற்கென்று தெரிந்து தருவதுதான் சம்மதம். திருப்பி வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் அதற்குக் கட்டாயம் என்றே பெயர்.

அதற்காகத் தந்தை கேட்பதெல்லாம் நியாயமாகிவிடாது. தமிழ்ப் பாடத்தில் வரும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் தேவாரமும் வேண்டாம் என்று அவர் சொன்னால், தலைமையாசிரியர் தயங்காமல் மறுக்கலாம். மதத்தைப் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு என்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும் 2002-இல் அருணா ராய் வழக்கிலும் ஏற்றிருக்கிறது. பாட்டின் நயத்தையும் பொருளையும் தேர்வில் கேட்டால் அது இலக்கியம். அதை நம்பும்படி கேட்டால் போதனை. காலை வணக்கக் கூட்டத்தின் ஜெபம் இதற்கு மறுபக்கம். விலக்குக் கடிதம் வகுப்பை மட்டும் சொல்லி ஜெபத்தை மறந்துவிடுகிறது. 28(3) வழிபாட்டையும் சேர்த்தே சொல்கிறது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது தவறு என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மதபோதனை வழக்கல்ல. ஆனால் வாய் திறக்காமல் நிற்பது அவமரியாதையல்ல என்பதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கனமான ஆட்சேபம் சட்டத்திலிருந்து வருவதல்ல. நாற்பது பேர் வகுப்பில் இருக்க, ஒருத்தி மட்டும் புத்தகப் பையோடு நூலகத்துக்கு நடக்கிறாள். ஏன் போகிறாய் என்று தோழிகள் கேட்பார்கள். உரிமையைக் காப்பாற்றப் போய்க் குழந்தையைத் தனிமைப்படுத்துகிறோமே என்ற கவலை உண்மையானது. பல பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று ஒரே நேரத்தில் பிரிப்பது இந்தத் தனிமையைக் குறைக்கிறது. ஆனால் யார் எந்த மதம் என்பதை வாரந்தோறும் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறது. இதற்கு 1870 சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது: மதபோதனை பள்ளிவேளையின் தொடக்கத்திலோ முடிவிலோதான் நடக்க வேண்டும், அந்த நேர அட்டவணை வகுப்பறையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசிப் பீரியடாக இருந்தால், சம்மதிக்காதவள் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக்குப் போகலாம். பள்ளி வேனில் வரும் பிள்ளைக்கு இது முழுத் தீர்வாகாது. வேன் வரும்வரை விளையாட்டோ வீட்டுப்பாடமோ வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியரும் வேண்டும். ஆகவே தலைமையாசிரியரின் பதிலில் பரிவு குறைந்தாலும் விவரம் குறையக் கூடாது. தங்கள் சம்மதம் இல்லாததால் மகள் அந்த வகுப்பில் சேர்க்கப்படவில்லை. ஜெபத்தின்போது அமைதியாக நின்றால் போதும். வகுப்பு நேரத்தில் இன்ன ஆசிரியரின் பொறுப்பில் இருப்பாள். மதிப்பெண்ணில் எதுவும் குறையாது. இந்த நான்கு வரிகளில் விலக்கு என்ற சொல்லுக்கு இடமே வரவில்லை.