படுக்கையைச் சுற்றி ஒரு காவல்

பேசத் தொடங்கிய பிள்ளைக்குத் தகப்பன் சொல்லித்தர வேண்டியவற்றில் ஷெமாவும் ஒன்று என்று தல்மூத் சொல்கிறது. எபிரேயத்தில் ஆறே சொற்கள். கேள் என்று இஸ்ரவேலை அழைத்து, ஆண்டவர் ஒருவரே என்று அறிவிக்கும் அந்த வாக்கியம் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் தொழுகையோடு சேர்த்து அதைச் சொல்வது கடமை. மூன்றாவது தடவையாக, விளக்கை அணைத்துப் படுக்கும்போதும் சொல்கிறார்கள். என் மனம் அதிகம் தோய்வது இந்த மூன்றாவது தடவையில்தான்.

இதை வேண்டியவர் 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரபி யெகோசுவா பென் லேவி. மாலையில் ஜெப ஆலயத்தில் ஷெமாவைச் சொல்லிவிட்டு வந்தவரும் படுக்கையில் மறுபடி சொல்லுவது நல்லது என்றார் அவர். வேதம் கற்ற அறிஞருக்கு இது தேவையில்லை என்று ரவ் நக்மான் விலக்குக் கொடுத்தார். அபாயே அதற்கு முழுதாக இசையவில்லை. அறிஞராகவே இருக்கட்டும், இரக்கம் கேட்கும் ஒரு வசனமாவது சொல்லிவிட்டுத் தூங்கட்டும் என்று சொல்லி, உயிரை ஆண்டவரின் கையில் ஒப்படைக்கும் 31-ஆம் சங்கீத வசனத்தைக் காட்டினார். கற்றவனுக்கும் இருட்டு இருட்டுதான் என்பதை அபாயே அறிந்திருந்தார்.

சொல்லும் முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வலக்கையால் கண்களை மூடிக்கொண்டு அந்த ஆறு சொற்களைச் சொல்ல வேண்டும். ஷெமா சொல்லும்போது ரபி யூதா ஹநாசி கையால் முகத்தை மறைத்துக்கொண்டார் என்ற குறிப்பிலிருந்து வந்த பழக்கம் இது. சிறு குழந்தையானால் தாயோ தகப்பனோ அதன் கையைப் பிடித்துக் கண்மேல் வைத்துவிடுவார்கள். கடைசிச் சொல் 'எஹாத்'. அதை நீட்டிச் சொல்பவருக்கு ஆயுள் நீளும் என்று தல்மூத்தில் ஒரு வாக்கு உண்டு. எந்த எழுத்தை நீட்டுவது என்ற கேள்வியும் உடனே எழுகிறது. கடைசி மெய்யான தாலெத்தை நீட்டு என்கிறார் ரவ் அகா பார் யாக்கோபு. அதற்காக நடுவிலுள்ள ஹெத்தை அவசரமாக விழுங்கிவிடாதே என்று எச்சரிக்கிறார் ரவ் அஷி.

இங்கேதான் ஒரு சிக்கல். இன்று பெரும்பாலான யூதர்கள் தாலெத்தை ஆங்கில 'டி' போல ஒலிக்கிறார்கள். அந்த ஒலி நாக்கு பட்ட இடத்திலேயே முடிந்துவிடும். அதை எப்படி நீட்டுவது? ஆகவே பலர் முன்னாலிருக்கும் 'ஆ'வை இழுத்துவிட்டுக் கடைசியில் மெய்யை மட்டும் ஒட்டவைக்கிறார்கள். ஏமன் நாட்டு யூதர்கள் சொல்வதைக் கேட்டால்தான் ரவ் அகா எதைச் சொன்னார் என்று விளங்கும். சொல்லின் இறுதியில் வரும் தாலெத்தை அவர்கள் மென்மையாக, நம் 'பாதை'யில் வரும் த-வைப் போல, பல்லுக்கும் நாக்கு நுனிக்கும் நடுவே காற்று கசிய ஒலிக்கிறார்கள். மூச்சு இருக்கும்வரை அந்த ஒலி ஓடும். தோரா சுருளிலும் இந்த தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு. அதன் ஓரம் சற்று மழுங்கினால் ரேஷ் என்ற எழுத்தாகிவிடும். 'ஒருவர்' என்பது 'வேறொருவர்' என்றாகிவிடும். எழுதுகிறவரின் கையும் சொல்லுகிறவரின் நாக்கும் ஒரே இடத்தில் ஜாக்கிரதையாக இருக்கின்றன.

அடுத்து வருவது தூக்கத்துக்கென்றே அமைந்த ஆசி. ஹமப்பில் என்று அதற்குப் பெயர். தூக்கத்தின் கயிறுகளைக் கண்மீதும் உறக்கத்தை இமைமீதும் விழச்செய்கிறவரைப் போற்றித் தொடங்குகிறது. பிறகு கெட்ட கனவும் கெட்ட நினைவும் அண்டாதிருக்கக் கேட்கிறது. சாவாக முடியும் தூக்கம் வேண்டாம், கண்ணுக்கு ஒளி கொடு என்று கேட்டு, கண்மணிக்கும் பிறகு உலகம் முழுமைக்கும் ஒளி தருகிறவரைப் போற்றி முடிகிறது. யூதத் தொழுகையின் வேண்டுதல்கள் பெரும்பாலும் 'எங்களுக்கு' என்றே கேட்கும். இது 'என் கண், என் இமை, என் படுக்கை' என்று ஒருமையில் பேசுகிறது. சற்றுமுன் கையால் மூடிய அதே கண்களைப் பற்றித்தான் இந்த ஆசி முழுவதும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல காது.

எது முன், எது பின் என்பதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன. தல்மூத் ஷெமாவை முதலிலும் ஹமப்பிலைப் பிறகும் வைக்கிறது. மைமோனிடஸ் ஆசியைச் சொல்லிவிட்டு ஷெமாவைச் சொல்லித் தூங்கச் சொல்கிறார். ஆசி கடைசியாக வந்தால் அதற்கும் தூக்கத்துக்கும் நடுவே வேறு பேச்சு நுழையாது என்பது முதல் வழக்கத்தார் சொல்லும் காரணம். எனக்கு மைமோனிடஸின் வரிசைதான் பிடிக்கிறது. தூக்கம் மிஞ்சி வாய் குழறினாலும் ஷெமா குழறாது. அது அத்தனை சிறு வயதில் நாவில் ஏறியது.

ஆசி சொன்ன பிறகு தூக்கமே வராவிட்டால்? தூக்கத்துக்காகக் கடவுளின் பெயரைச் சொல்லி ஆசி கூறிவிட்டு, விடியவிடியப் புரண்டுகொண்டிருந்தால் அந்தப் பெயரை வீணாகச் சொன்னதாகுமா என்ற அச்சம் சட்ட அறிஞர்களுக்கு உண்டு. பாக்தாதின் பென் இஷ் ஹாய் போன்றோர் அதனால் பெயரை விட்டுவிட்டு ஆசியை மட்டும் சொல்லச் சொன்னார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லெஸ் சொன்ன வழி எளியது. ஷெமாவுக்குப் பிறகு சாப்பிடாதே, குடிக்காதே, பேசாதே. தூக்கம் வராவிட்டால் தூக்கம் பிடிக்கும்வரை ஷெமாவையே திரும்பத் திரும்பச் சொல்லு.

இனி காவல் வசனங்கள். 91-ஆம் சங்கீதத்தைத் தீங்குகளை விரட்டும் பாட்டு என்று தல்மூத் அழைக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் தூங்கப்போவது யெகோசுவா பென் லேவியின் வழக்கம். தல்மூத் அவரையே மடக்குகிறது: வேத வசனத்தை மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னவரும் இவர்தானே, அப்படியிருக்க இவரே எப்படிச் சொல்லலாம்? பதில் சுருக்கமானது. காப்புக்குச் சொல்வது வேறு. காயத்தின்மீது வசனத்தை ஓதினால் அது வைத்தியமாகிவிடும், அது கூடாது. காயம் வராதிருக்கச் சொன்னால் கூடும். இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு இரவு வழிபாட்டைப் படித்தால் அதன் உருவம் தெளிவாகத் தெரியும். காய்ச்சல் தணியவோ வலி நீங்கவோ அதில் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் ஆள் நிறுத்துவதுதான்.

உண்மையிலேயே ஆள் நிறுத்துகிறார்கள். வலப்பக்கம் மிகாவேல், இடப்பக்கம் காபிரியேல், முன்னால் ஊரியேல், பின்னால் ரபேல், தலைக்குமேல் கடவுளின் சந்நிதி என்று மும்முறை சொல்லப்படுகிறது. உன்னதப்பாட்டு 3-ஆம் அதிகாரத்தில் இரவின் அச்சத்துக்காக இடுப்பில் வாளோடு சாலொமோனின் மஞ்சத்தைச் சுற்றி நிற்கும் அறுபது வீரர்களும் வருகிறார்கள். அவர்கள் எதற்கு இங்கே என்று தோன்றும். பக்கத்தில் வைத்திருக்கும் ஆசாரியரின் ஆசியை எண்ணிப் பார்த்தால் காரணம் கிடைக்கும். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்திலுள்ள அந்த ஆசி மூன்று வரி. எபிரேயத்தில் முதல் வரிக்கு 3 சொல், 15 எழுத்து. அடுத்ததற்கு 5 சொல், 20 எழுத்து. கடைசி வரிக்கு 7 சொல், 25 எழுத்து. எழுத்துகள் மொத்தம் 60. மித்ராஷ் உரைகள் அந்த அறுபது வீரரை இந்த அறுபது எழுத்துகளாகவே காண்கின்றன. அரசனுக்கு நின்ற காவல், ஓர் ஆசியைச் சொல்லும் எந்தக் குழந்தையின் கட்டிலைச் சுற்றியும் நிற்கும். எண் கணக்கு வைத்து வேதம் பார்ப்பது பல இடங்களில் எனக்கு ரசிக்காது. இங்கே மட்டும் மனம் முழுதாக இணங்குகிறது. வரிக்கு வரி ஐந்தைந்து எழுத்தாகக் கூடிக்கொண்டே போகும் ஆசியில் காவலும் வரிசை வரிசையாகத் திரள்கிறது.

இந்த ஆசியைக் காப்பாக வைத்துக்கொள்வது மிகப் பழைய வழக்கம். எருசலேமின் பழைய நகருக்குத் தென்மேற்கே கெதெப் இன்னோம் என்ற இடத்திலுள்ள கல்லறைக் குகையில், 1979-இல் காபிரியேல் பார்கையின் குழு இரண்டு சிறு வெள்ளிச் சுருள்களை எடுத்தது. பெரியதை விரித்தால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம். சிறியது 4 சென்டிமீட்டர்தான். வெள்ளி பொடிந்துவிடாமல் விரித்துப் படிக்கவே ஆண்டுகள் ஆயின. உள்ளே கீறியிருந்தது ஆசாரியர் ஆசியின் ஒரு வடிவம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று காலம் குறித்திருக்கிறார்கள். விவிலிய வாசகங்களில் இதுவரை கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை. யாரோ தாயத்தாகக் கழுத்தில் அணிந்திருந்த சொற்களைத்தான் இன்றைக்கும் படுக்கையில் சொல்லுகிறார்கள்.

சொல்லை வைத்தே வேலி கட்டும் இன்னொரு இடமும் உண்டு. யாக்கோபு சாகுமுன் மக்களை ஆசீர்வதிக்கும்போது நடுவே, ஆண்டவரின் மீட்புக்குக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் மூன்றே சொற்களில் ஒரு விம்மல் வருகிறது. இரவில் அதை மூன்று வரிசையில் சொல்கிறார்கள். முதலில் உள்ளபடி, பிறகு முதற்சொல்லைக் கடைசிக்குத் தள்ளி, பிறகு இன்னொரு தடவை தள்ளி. மூன்று சொல்லும் முறைவைத்து முன்னால் வந்து நிற்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பல ஏடுகளில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. அன்றைக்குத் தன்னை நோகடித்த எல்லாரையும் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டுப் படுப்பது மார் சூத்ராவின் வழக்கம் என்று தல்மூத் குறிக்கும். அதன் தொடர்ச்சி இது.

குழந்தைகளுக்கு இத்தனையும் வேண்டாம். ஷெமாவும், யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளான எப்பிராயீம், மனாசேயின் தலையில் கைவைத்து, தன்னை மீட்ட தூதர் இவர்களையும் காக்கட்டும் என்று கேட்ட வசனமும் போதும். மீனைப்போலப் பெருகட்டும் என்ற கருத்து அதில் உண்டு. தண்ணீர் மூடியிருப்பதால் மீன்மேல் கண்ணேறு படாது, யோசேப்பின் வழிவந்தவர்மேலும் அப்படியே என்பது தல்மூத் தரும் விளக்கம். அஷ்கெநாசி யூதர்களிடையே, ஆண்குழந்தைக்கு விருத்தசேதனம் நடக்கும் நாளுக்கு முந்தைய இரவு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தொட்டிலருகே கூட்டிவந்து இந்த இரண்டையும் உரக்கச் சொல்லவைப்பார்கள். பிறந்து ஒரு வாரமே ஆன பிள்ளைக்கு ஷெமா சொல்ல வராதே. வருகிறவரை மற்றப் பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் அவர்கள் கையில் மிட்டாய் விழும்.

ஆண்டில் ஓர் இரவு மட்டும் இந்தக் காவல் முழுவதும் விலக்கப்படுகிறது. எகிப்திலிருந்து வெளியேறிய இரவை ஆண்டவரே காக்கும் இரவு என்று யாத்திராகமம் சொல்கிறது. ஆகவே பஸ்கா இரவில் ஷெமாவின் பகுதியை மட்டும் சொல்லுங்கள், காப்புக்காக மற்ற நாள்களில் சேர்ப்பவை வேண்டாம் என்று இசர்லெஸ் எழுதினார். தூக்கத்துக்கான ஹமப்பிலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது பின்வந்தவர்கள் வழக்கம். நான்கு கிண்ணம் திராட்சை இரசமும் நீண்ட கதையும் முடிந்து நள்ளிரவு தாண்டிப் படுக்க வருகிறவர்கள் அன்றைக்குத் தூதர்களை நான்கு திசையிலும் நிறுத்துவதில்லை, அறுபது வீரர்களையும் அழைப்பதில்லை. வலக்கையால் கண்ணை மூடி அந்த ஆறு சொற்களைச் சொல்கிறார்கள். கடைசித் தாலெத்தைக் கொஞ்சம் நீட்டுகிறார்கள்.