அவர் கையில் இல்லாத எண்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் நான் இருந்தபோது, ரிங் ஃப்ரேம் பிரிவின் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர் அவர். முன்பு பிட்டராக இருந்து, அதில் பெயர் வாங்கி, மேற்பார்வையாளர் ஆனவர். தாளில் நான்கு வரிகள்தான் இருந்தன. உற்பத்தியை உயர்த்த வேண்டும். நூல் அறுப்பைக் குறைக்க வேண்டும். பொறுப்புணர்வோடு நடந்துகொள்ள வேண்டும். 30 நாளில் முன்னேற்றம் தெரியாவிட்டால் தக்க நடவடிக்கை எடுக்கப்படும். எல்லாம் ஆங்கிலத்தில். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அலுவலகங்களில் இதைச் சுருக்கமாக 'பி.ஐ.பி.' என்கிறார்கள். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று தமிழில் சொல்லலாம். வேலையில் தடுமாறுகிற ஒருவருக்கு எட்ட வேண்டிய இலக்கு, அதற்கு நிர்வாகம் தரும் உதவி, இரண்டையும் சரிபார்க்கும் தேதிகள் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுப்பது. அந்த நான்கு வரித் தாளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மேலாளரிடம் எடுத்துச் சொன்னேன். "சரி, நீங்களே எழுதிக் கொண்டாங்க" என்றார். அதை எழுத உட்கார்ந்த பிறகுதான் இந்த முறையின் பலமும் ஓட்டையும் எனக்குப் பிடிபட்டன.

பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஆள் சரியில்லை" என்று வாயால் சொல்வதற்கு யாருக்கும் ஆதாரம் தேவைப்படுவதில்லை. அதையே எழுதச் சொன்னால் எதில் சரியில்லை, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும். ஆக, திட்டம் ஊழியரைச் சோதிப்பதற்கு முன்பே, அவரைக் குறை சொல்கிறவரைச் சோதித்துவிடுகிறது. எங்கள் மேலாளர் மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தார். அந்த மேற்பார்வையாளரின் ஷிப்டில் நூல் அறுப்பு அதிகம். 1,200 கதிர்கள் உள்ள ஒரு ஃப்ரேமை அரை மணி நேரம் நின்று பார்த்தபோது 54 இழைகள் அறுந்திருந்தன. 1,200 கதிர் அரை மணி ஓடினால் 600 கதிர்மணி. அப்படியென்றால் 100 கதிர்மணிக்கு 9 அறுப்பு. அதை 6-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு.

கேட்பதற்குக் கச்சிதமான இலக்கு. ஆனால் இழை ஏன் அறுகிறது என்று மில்லில் ஒரு வருடம் நின்றவருக்குக் கூடத் தெரியும். பஞ்சுக் கலவை மாறினால் அறும். முந்தைய பிரிவிலிருந்து வரும் ரோவிங்கில் மெல்லிசும் தடிப்பும் இருந்தால் அறும். ரிங்கின் மேல் ஓடும் டிராவலர் தேய்ந்தால் அறும். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை உலர்ந்து பறக்கும். கூடிப்போனால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். கலவை ஒருவர் பொறுப்பு, டிராவலர் மாற்றுவது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு, ஈரப்பதம் ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் பொறுப்பு. ஷிப்ட் மேற்பார்வையாளரின் கைக்குள் இருப்பது இவற்றில் மிகச் சிறிய பங்கு. போதாததற்கு அந்த 54-ஐ எண்ணியது மே மாத மத்தியானத்தில். அந்த நாளில், அந்த நேரத்தில், மற்ற ஷிப்டு ஆட்கள் நின்றிருந்தாலும் எவ்வளவு அறுந்திருக்கும் என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

இலக்கு எண்ணாக இருந்தால் மட்டும் அது தெளிவான இலக்கு ஆகிவிடாது. அந்த எண்ணை அசைக்கிற கை யாருடையது என்பதைப் பொறுத்தே அது தெளிவாகிறது. தெளிவில்லாத நான்கு வரித் தாளைவிட, பிறர் வேலையைத் தலையில் ஏற்றும் ஒரு துல்லியமான எண் அதிகக் கெடுதல் செய்யும் என்பது என் கருத்து. முதலாவதை எதிர்த்துப் பேசலாம். இரண்டாவது, கணக்கு மாதிரி தோன்றுவதால் வாயை அடைத்துவிடும்.

அவருடைய கையில் உண்மையில் இருந்தவை எவை என்று இரண்டு ஷிப்டு கூடவே நின்று பார்த்தேன். காப் நிறைந்ததும் ஃப்ரேமை நிறுத்தி, நிறைந்ததை எடுத்து, காலிக் குழலைப் போட வேண்டும், அதுதான் டாஃபிங். டாஃபிங் ஆட்கள் ஒரு ஃப்ரேமில் இருக்கும்போது இன்னொன்றும் நிறைந்துவிட்டால் அது சும்மா காத்து நிற்கும். எந்த ஃப்ரேம் எப்போது நிறையும் என்று பார்த்து, முன்பின்னாக அடுக்கி ஓட்டுவது மேற்பார்வையாளரின் வேலை. அவர் ஷிப்டில் ஒரு ஃப்ரேம் சராசரியாக 11 நிமிடம் காத்து நின்றது. மற்ற இரண்டு ஷிப்டுகளில் 6 நிமிடம். இரண்டாவது, அறுந்த இழையை உடனே ஒட்டாமல் விட்டிருப்பது. சைடர்கள் தம் பக்கத்தைச் சுற்றி வருகிறார்களா என்று அவர் பார்க்கவில்லை. மூன்றாவது, ஷிப்ட் புத்தகம். நின்ற நேரத்துக்குக் காரணம் எழுதாமல் விட்ட பக்கங்கள் ஏராளம். இந்த மூன்றையும் இலக்காக எழுதினேன். நூல் அறுப்பையும் நீக்கிவிடவில்லை. அதே வாரத்தில் மற்ற ஷிப்டுகளின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் என்று குறித்தேன்.

உதவி என்ற கட்டத்தில்தான் எல்லாத் திட்டங்களும் பொய் சொல்கின்றன. "தேவையான பயிற்சி அளிக்கப்படும்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள். யார், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்று இருக்காது. இலக்கு வரியில் ஊழியரின் பெயரும் தேதியும் இருக்கும்போது, உதவி வரியில் நிர்வாகத்தில் ஒருவரின் பெயரும் தேதியும் இருந்தாக வேண்டும். ஒரு திட்டம் ஆளைத் தூக்கிவிட எழுதப்பட்டதா, வெளியே அனுப்ப எழுதப்பட்டதா என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பேன். அங்கே பெயர் இல்லையென்றால் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

என்ன உதவி வேண்டும் என்று மேற்பார்வையாளரிடமே கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சார், டாஃபிங் மேஸ்திரி எனக்கு மாமா முறை. ஊர்ல அவரு முன்னாடி நான் உக்கார மாட்டேன். இங்க வந்து, 'அந்த ஃப்ரேமை முதல்ல எடுங்க'ன்னு எப்படிச் சொல்றது? சொன்னாலும் 'தெரியும் மாப்ள, நீ போய் உக்காரு'ங்கிறாரு."

11 நிமிடத்தின் பாதி விளக்கம் அதில் இருந்தது. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சரிசெய்யாது. மேஸ்திரியை வேறு ஷிப்டுக்கு மாற்றுவது, ஃப்ரேம் அடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் அவரை இன்னொரு மூத்த மேற்பார்வையாளரோடு நிறுத்துவது, டிராவலர் மாற்றும் அட்டவணையைப் பராமரிப்புப் பிரிவு எழுதிக் கொடுப்பது, பிளான்ட்டின் தண்ணீர் பம்ப்பைப் பழுது பார்ப்பது என நான்கு வரிகள் எழுதி, நான்கிலும் பொறுப்பாளர் பெயரைப் போட்டேன். மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. "இது அவனுக்குத் திட்டமா, எனக்குத் திட்டமா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும்தான் என்றேன். தாளைத் தமிழில் எழுதி, மேற்பார்வையாளர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடட்டும் என்று விட்டேன்.

தேதிகளில் ஒரு சின்ன விஷயம் பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. எங்கள் மில்லில் ஷிப்டு வாரம் ஒரு முறை சுழலும். ஒருவர் பகல், அரை, இரவு மூன்றையும் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆகும். 30 நாள் என்று வைத்தால் ஒரு கணக்கில் இரவு ஷிப்டு இரண்டு முறை வரும், இன்னொன்றில் ஒரு முறைதான் வரும், ஒப்பிட முடியாது. அதனால் 21, 42, 63-ஆம் நாள் என்று வைத்தேன். கடைசித் தேதி ஆடிப்பூர வாரத்தில் விழுந்தது. ஆண்டாள் தேர் ஓடும் வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். அதை ஒரு வாரம் தள்ளினேன்.

சட்டம் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. திட்டத்தில் தோற்றவரை உடனே நீக்கிவிடலாம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். அசாமில் 1960 கலவரத்தின்போது மாவட்டப் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரியின் வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. திறமைக் குறைவும் முன்யோசனைக் குறைவும் தம்மளவில் ஒழுங்கீனம் ஆகா என்பது ஜே. அகமது வழக்கின் தீர்ப்பு. விளைவுகள் மிகக் கடுமையாக இருக்கும் அலட்சியத்தை மட்டும் அது தனியாக வைத்தது. கடைகள், அலுவலகங்களுக்கான 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவும், 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக் கூடாது என்கிறது. ஆகவே திட்டத்தை விசாரணைக்கு மாற்றாகப் பயன்படுத்த முடியாது. தடுமாற்றத்தையும் தப்பையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் இரண்டுமே நிற்காது.

இந்த முறையில் எனக்குத் தீராத ஒரு மனக்குறை உண்டு. மேற்பார்வையாளருக்குத் திட்டம், அவருக்குக் கீழே இருக்கும் சைடருக்கோ மெமோதான். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் பக்கத்தில் அறுப்பு கூடினால் யாரும் அவளுக்கு மூன்று வாரம் தருவதில்லை. பக்கத்தை மாற்றிவிடுவார்கள், அல்லது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். டிராவலர் தேய்ந்திருந்ததா என்று கேட்கும் உரிமை அவளுக்குத்தான் முதலில் வேண்டும்.

கடைசிச் சந்திப்பில் கணக்கு இப்படி இருந்தது. ஃப்ரேம் காத்திருக்கும் நேரம் 11-இலிருந்து 7 நிமிடத்துக்கு வந்திருந்தது. ஒட்டாமல் விட்ட இழைகள் மற்ற ஷிப்டுகளின் அளவுக்குக் குறைந்திருந்தன. ஷிப்ட் புத்தகம் மட்டும் தேறவில்லை. எழுதுவது அவருக்கு வரவேயில்லை. அவரே பராமரிப்புப் பிரிவுக்குத் திரும்பக் கேட்டார், சம்பளம் குறையாமல் மாற்றினோம். நிர்வாகத்தின் நான்கு வரிகளில் மேஸ்திரி மாற்றமும் மூத்தவரோடு நின்றதும் தேதிப்படி நடந்தன. டிராவலர் அட்டவணை கடைசிவரை வரவில்லை. தண்ணீர் பம்ப்பை ஏழாவது வாரத்தில்தான் பிரித்துச் சரிசெய்தார்கள். அடுத்த வாரமே நூல் அறுப்பு 6-க்குக் கீழே இறங்கியது, மூன்று ஷிப்டிலும் ஒரே மாதிரி.