தவறுக்குக் காரணம் எழுதாத பயிற்சி

புனேயை ஒட்டி நிக்டி, ஆகுர்டி, பிம்ப்ரி என்று அடுத்தடுத்து எஞ்சினியரிங் கல்லூரிகள் இருக்கின்றன. வாக்கட் தாண்டினால் ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க். இந்தக் கல்லூரிகளிலிருந்து அந்தக் கட்டடங்களுக்குள் போக நினைப்பவர்கள், நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே அறை எடுத்துத் தங்கும் தமிழ் இளைஞர்கள் உட்பட, கிட்டத்தட்ட ஒரே பயிற்சி முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். தினமும் லீட்கோட்டில் இரண்டு மூன்று கணக்குகள், வாரக் கடைசியில் நண்பரை எதிரே உட்கார வைத்து ஒரு மாக் இன்டர்வியூ, அது முடிந்ததும் சொதப்பியவற்றை ஒரு நோட்டில் குறித்தல். முறையில் கோளாறு இல்லை. ஆனால் இந்த மூன்றில் நேரமெல்லாம் முதலாவதற்கும் பயமெல்லாம் இரண்டாவதற்கும் போய்விடுகிறது. மூன்றாவதற்குக் கிடைப்பது தூங்கப் போகும் முன் ஐந்து நிமிடம். பயிற்சியின் பலன் தங்கியிருப்பதோ அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதை விரிவாக்காதவரை மற்ற இரண்டும் பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்காகவே நின்றுவிடும்.

முதலில் மாக் இன்டர்வியூவுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். தனியாக உட்கார்ந்து கணக்குப் போடுவதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடுவதும் வேறு வேறு திறமைகள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 48 கணினியியல் மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் கேள்வி கேட்பவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியபடி பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் அறையில் தனியாக எழுதினார்கள். ஒருவர் பார்க்கிறார் என்பதாலேயே செயல்திறன் பாதிக்கும் மேல் சரிந்தது. 48 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லா இன்டர்வியூக்களையும் எடைபோட முடியாது. ஆனால் தினசரிக் கணக்குகளை எத்தனை போட்டாலும் இந்தச் சரிவு தெரியவே தெரியாது, மாக்கில்தான் தெரியும் என்று சொல்ல அது போதும். விடை தெரிந்தும் பேனல் முன்னால் வாயடைத்துப் போகிறவருக்கு இன்னும் நூறு கணக்கு போடச் சொல்வது தவறான மருந்து.

ஆனால் மாக் காட்டிக்கொடுக்குமே தவிர, குணப்படுத்தாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன கணக்கை எடுத்துக்கொள்வோம். ஏறுவரிசையில் உள்ள எண்களில், கொடுத்த எண்ணுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முதல் எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் வரிசையின் நீளத்தைத் திருப்பித் தர வேண்டும். பைனரி சர்ச் என்று உடனே சொல்லிவிட்டு, ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```python
def first_ge(a, x):
    lo, hi = 0, len(a) - 1
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if a[mid] < x:
            lo = mid
        else:
            hi = mid
    return lo
```

பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கிறது. `[2, 5]` என்ற வரிசையில் 5ஐத் தேடச் சொன்னால் `mid` பூஜ்யமாகிறது. அங்கே இருப்பது 2, அது 5ஐவிடச் சிறியது. எனவே `lo` மறுபடியும் பூஜ்யமே ஆகிறது, லூப் முடியவே முடியாது. எதிரே இருக்கும் நண்பர் இதைச் சுட்டிக்காட்டினதும் `lo = mid + 1` என்று மாற்றினால் விடை வந்துவிடும். மாக் முடிந்துவிட்டது என்று இருவரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதே வரிசையில் 9ஐத் தேடியிருந்தால், திருத்திய பிறகும் 1 என்றுதான் வந்திருக்கும். வர வேண்டியது 2. `hi` தொடக்கத்திலேயே கடைசி உறுப்பில் நிற்பதால், "இல்லை" என்பதைக் குறிக்கும் இடத்துக்கு இந்தக் கோட் போகவே முடியாது.

இப்போது அன்றிரவு நோட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. வழக்கமாக எழுதப்படுவது "பைனரி சர்ச் இன்னும் பிராக்டிஸ் பண்ணணும்" அல்லது சரியான கோடின் முழுப் பிரதி. முதலாவது தலைப்பைச் சொல்கிறது, இரண்டாவது விடையைச் சொல்கிறது. ஏன் தவறு நடந்தது என்று இரண்டும் சொல்லவில்லை. உண்மையில் நடந்தது இரண்டு தனித்தனித் தவறுகள். `a[mid]` விடை ஆகாது என்று தெரிந்த பிறகும் அந்த இடத்தைத் தேடும் எல்லைக்குள்ளேயே வைத்திருந்தது ஒன்று. விடை வரக்கூடிய இடங்களின் எல்லையை முதல் வரி எழுதும் முன்பே சொல்லிக்கொள்ளாதது இன்னொன்று. இரண்டாவதை இப்படிக் குறித்துவைத்தால் அது பைனரி சர்ச்சோடு நிற்காது. வெற்று வரிசை வந்தால் என்ன, தேடுவது கிடைக்காவிட்டால் என்ன என்று யோசிக்காமல் எழுதத் தொடங்கும் பழக்கம் மர அமைப்பிலும் லிங்க்டு லிஸ்டிலும் அதே முகத்தோடு திரும்பி வரும். தலைப்புவாரியாக எழுதிய நோட்டில் அது மூன்று பக்கங்களில் மூன்று வேறு தவறுகளாகத் தெரியும். காரணவாரியாக எழுதினால்தான் ஒரே தவறு மூன்று முறை நடந்தது என்று பிடிபடும்.

பைனரி சர்ச்சில் தடுமாறுவது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஜாவா மொழியின் சொந்த நூலகத்திலேயே அதில் ஒரு பிழை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் வெளிப்படையாக எழுதினார். வரிசை மிகப் பெரியதாக இருந்தால் `low + high` என்ற கூட்டல் எண்ணின் எல்லையைத் தாண்டி எதிர்மறையாகிவிடும், அதுதான் பிழை. அவர் அதைச் சொன்ன விதம் பயிற்சி செய்பவர்களுக்கு நல்ல மாதிரி. திருத்திய வரியைக் கொடுத்ததோடு நிற்காமல், எந்த அனுமானம் எப்போது பொய்யாகிறது என்று எழுதினார். அதனால்தான் படித்தவர்கள் தங்கள் கோடில் அதே அனுமானம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட முடிந்தது.

காரணம் எழுதும் இந்த முறைக்கு வரும் முதல் மறுப்பு நேரத்தைப் பற்றியது. கேம்பஸ் சீசன் நெருங்கும்போது ஒவ்வொரு தவறையும் இப்படிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் புதுக் கணக்கு போடுவது எப்போது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஓரளவுக்கு அவர்கள் பக்கமும் உண்மை உண்டு. கிராஃப், ஹீப் போன்றவற்றைப் பார்த்தே இராதவருக்கு அலச ஒன்றும் இருக்காது, முதல் சில வாரங்கள் புதிதாகக் கற்பதிலேயே போக வேண்டும். ஆனால் அடிப்படை வகைகளைப் பார்த்து முடித்தவருக்குக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அவர் போடும் புதுக் கணக்குகளில் பெரும்பாலானவை பழைய தவறுகள் புது உடையில் வருவதற்கான வாய்ப்புகளே. மூன்று கணக்கு போட்டு மூன்றிலும் எல்லையைத் தவறவிடுபவரைவிட, ஒன்று போட்டு அதை அரை மணி நேரம் அலசி, விடையை மூடிவைத்து ஒரு வாரம் கழித்து வெற்றுத் தாளில் மறுபடி எழுதிப் பார்ப்பவர் குறைந்த நேரத்தில் அதிகம் திருத்திக்கொள்கிறார். படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, மனத்திலிருந்து வரவழைத்துப் பார்ப்பதே நெடுநாள் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியதும் இதற்குத் துணை நிற்கிறது. அவர்கள் சோதித்தது பாடப் பகுதிகளை நினைவில் வைப்பதைத்தான், கோடிங்கை அல்ல. ஆனாலும் சரியான கோடைப் பார்த்துத் தலையாட்டுவது கற்றல் ஆகாது என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இந்தப் பயிற்சியெல்லாம் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் இன்டர்வியூவைப் பார்த்து நகலெடுத்தது, இங்கே கிடைக்கும் வேலைக்கு அது பொருந்துமா என்பது. பிம்ப்ரியில் இந்தக் கேள்வி கூடுதல் கூர்மை பெறுகிறது. இது டாடா மோட்டார்ஸ் ஆலையும் பஜாஜும் வளர்த்த ஊர். ஹிஞ்சவடியிலும் வாகன மென்பொருளில் பெயர் பெற்ற கேபிஐடி, டாடா டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. வண்டியின் கட்டுப்பாட்டு யூனிட்டுக்கு சி மொழியில் எழுதும் வேலைக்குப் போகிறவரிடம் மரத்தைத் தலைகீழாக்கச் சொல்வதைவிட, ஒரு மாறியை ஏன் `volatile` என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்பதே இயல்பு. இன்டரப்ட் ஒன்று பின்னணியில் மாற்றும் மாறியை, மாறவே மாறாது என்று நினைத்து கம்பைலர் ஒரே ஒரு முறை படித்துவிட்டு விட்டுவிடலாம், லூப் அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்று சொல்லத் தெரிய வேண்டும். லீட்கோட்டில் முந்நூறு கணக்கு முடித்தவரும் இதில் தடுக்கி விழலாம். ஆகவே மறுப்பு பாதி சரி: எதைப் பயிற்சி செய்வது என்பதில் ஊரில் பலர் தவறாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எப்படிப் பயிற்சி செய்வது என்பதை அது தொடவில்லை. `volatile` கேள்வியில் விழுந்தவரும் காரணத்தைத்தான் எழுத வேண்டும். "கம்பைலர் என்ன அனுமானிக்கும் என்று நான் யோசிக்கவில்லை" என்று அவர் எழுதினால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

இன்னொரு குறை நண்பரோடு செய்யும் மாக்கின் இயல்பிலேயே இருக்கிறது. அறை நண்பர் இரக்கப்படுவார், பாதி வழியிலேயே குறிப்பு கொடுத்துவிடுவார். கூடவே பேச்சு தமிழிலும் கொஞ்சம் இந்தியிலும் ஓடும். நிஜப் பேனல் முன்னால் அதே விளக்கம் ஆங்கிலத்தில் வர வேண்டியிருக்கும்போது, தெரிந்த லாஜிக்கே தெரியாததுபோல் திக்குகிறது. மாக்கில் இது தவறாகவே பதிவாவதில்லை, ஏனென்றால் நண்பருக்குப் புரிந்துவிட்டது. காசு கொடுத்து வெளியாளிடம் மாக் செய்தால் இது தீரும் என்பார்கள், ஆனால் எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. செலவில்லாத வழி, கேள்வி கேட்பவரின் கையை முன்கூட்டியே கட்டிவிடுவது. முதல் இருபது நிமிடம் குறிப்பு கொடுப்பதில்லை, விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில், வேட்பாளர் வாய் திறக்காமல் எழுதிய ஒவ்வொரு நிமிடத்தையும் கேட்பவர் தாளில் குறிப்பது. இந்த மூன்று விதிகள் நட்பைக் கெடுக்காமலே இரக்கத்தைக் குறைத்துவிடும். தவறை அந்தக் கணத்தில் எழுதுபவர் கேட்பவரே என்பது இன்னொரு லாபம். தன் தவறைத் தானே இரவில் நினைவிலிருந்து எழுதும்போது "அவசரத்தில் விட்டுட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மூடிவிடுவது மனித சுபாவம்.

இந்த முறை நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை கணக்கு போட்டோம், எத்தனை மாக் கொடுத்தோம் என்று எண்ண வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து, ஒரே காரணம் கடந்த மாதம் எத்தனை முறை வந்திருக்கிறது, இந்த மாதம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். குறையவில்லையென்றால் எழுதியது காரணமாக இருந்திருக்காது, தலைப்பாகத்தான் இருந்திருக்கும். அடுத்த மாக்குக்கான கேள்வியை நண்பர் அந்த நோட்டிலிருந்தே, கதையை மட்டும் மாற்றி எடுத்துக் கேட்டால், பயிற்சியின் மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். இன்டர்வியூ முறையே சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கிறதா என்ற பெரிய குறையை எந்த நோட்டும் தீர்க்காது, அது பேனலில் உட்காருபவர்கள் திருத்த வேண்டியது. ஆனால் பேனல் முன்னால் ஒருவர் தோற்றால், தெரியாத ஒன்றுக்காகத் தோற்கட்டும். போன மாதமே செய்து, காரணம் எழுதாமல் விட்ட தவறுக்காகத் தோற்பதைத் தவிர்ப்பது அவர் கையிலேயே இருக்கிறது.